திருமலையா, திருகோணமலையா?

“லைப்ரரியில என்ன செய்தனீங்கள்? புத்தகம் அடுக்கினதுதானே?” நேர்முகத் தேர்வில அப்பிடித்தான் கேட்டாங்கள். “பட்டியலாக்கம்” எண்டு சொன்னேன். எதிரில இருந்தவருக்கு அந்தச் சொல் விளங்கேல்ல. எனக்கும் அதை விளக்கத் தெரியேல்ல. நூலக ஒப்பந்தம் முடிஞ்சு வீட்டில இருந்த நேரம் அது. எப்பிடியோ அந்தச் செய்தித் தளத்தில மூண்டு மாதம் தற்காலிகமாக எடுத்தாங்கள்.

முதல் கிழமையே ஆசிரியர் கேட்டார்: “தங்கச்சி, திருகோணமலை பற்றி நாங்கள் போட்ட எல்லாத்தையும் எடுத்துத் தாங்கோ.” குறிச்சொல்லை அழுத்தினேன். 41 கட்டுரைகள் வந்தன. ஆனால் எனக்கு ஞாபகமிருந்த ஒரு கட்டுரை அதில இல்லை. குறிச்சொல் பட்டியலை முழுசா இறக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது: ‘திருமலை’ எண்டு 17, ‘ட்ரிங்கோ’ எண்டு 6. இன்னுமொரு ‘திருகோணமலை’ வேற, அதில 5. கண்ணுக்கு இரண்டும் ஒண்டுதான். ஆனால் ஒண்டில ‘கோ’வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும், மற்றதில ‘ே’, ‘ா’ எண்டு இரண்டாகவும் பதிவாகியிருந்தது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

இது எனக்குப் பழகின வேலை. நூலகத்தில ஒரு இடத்துக்கோ ஆளுக்கோ பல பெயர் இருந்தால், ஒண்டைத் தலைப்பாக எடுப்போம். மற்றதுகளில ‘காண்க’ எண்டு போட்டு வாசகரை அந்தத் தலைப்புக்கு அனுப்புவோம். MARC பதிவில 151இல் தலைப்பு, 451இல் மற்றப் பெயர்கள். ஆக, ‘திருகோணமலை’ தலைப்பு. மிச்சமெல்லாம் அதுக்கு வழிகாட்டும் பெயர்கள்.

“எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திவிடலாமே அக்கா” எண்டான் மென்பொருள் தம்பி. வேண்டாமெண்டேன். 17 ‘திருமலை’க் கட்டுரைகளையும் திறந்து வாசித்தேன். இரண்டு கட்டுரைகள் திருமலை எண்ட பெயருள்ள ஆட்களைப் பற்றியவை. ஒரேயடியா மாத்தியிருந்தால் அவர்களும் ஊராகியிருப்பார்கள். கடைசியில சரியான கணக்கு 67.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அந்தத் தளத்தில ‘காண்க’ போட இடமே இல்லை. பழைய பெயர்களை அழித்துவிட்டால், ‘ட்ரிங்கோ’ எண்டு தேடுறவருக்கு ஒண்டும் வராது. அதனால ஒரு விரிதாளில இரண்டு நிரல் போட்டேன்: தேடும் சொல், போகவேண்டிய தலைப்பு. தம்பி அதைத் தேடுபொறியோட இணைத்தான். புதுப் பெயர் வந்தால் இப்பவும் அந்தத் தாளில ஒரு வரி சேர்ப்பேன்.

மூண்டாம் மாதம் வேலையை நிரந்தரமாக்க சுயவிபரக்கோவையைத் திரும்பக் கேட்டாங்கள். ‘நூல்களைப் பட்டியலிட்டேன்’ எண்ட வரியை வெட்டினேன். அந்த இடத்தில இப்படி எழுதினேன்: ‘ஒன்றுக்குப் பல பெயர்கள் இருந்தாலும், ஒரு பெயருக்குப் பல பொருள்கள் இருந்தாலும், தேடுபவருக்குச் சரியானது கிடைக்கச் செய்வேன். உதாரணம்: திருகோணமலை, 41இலிருந்து 67.’

இந்தமுறை புத்தகம் அடுக்கினதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல. “யாழ்ப்பாணத்தையும் இப்பிடிச் செய்து தருவீங்களோ?” எண்டுதான் கேட்டாங்கள்.