செம்பருத்தியின் புறப்புல்லியும் பின்னணி நீக்கமும்

புணேயின் கோர்படிப் பகுதியில், குதிரைப் பந்தயத் திடலுக்கு அருகில் இருக்கும் எம்பிரஸ் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஜனவரி மாதம் மலர்க் கண்காட்சி நடைபெறும். அங்கே கைப்பேசியில் எடுத்த ஒற்றையடுக்குச் செம்பருத்தியின் படம் ஒன்று, மறுநாள் மால்வேசி குடும்பம் பற்றிய வகுப்புக்காகத் தாவரவியல் ஆசிரியை ஒருவரின் மடிக்கணினியில் திறந்து கிடந்தது. பக்கவாட்டில் எடுத்த படம். சிவந்த அல்லிகளுக்கு நடுவிலிருந்து மகரந்தத்தாள் குழல் நீண்டு வளைந்து நின்றது. அதன் மேற்பாதியில் மெல்லிய கம்பிகளும் மஞ்சள் மகரந்தப்பைகளும், நுனியில் ஐந்தாகப் பிரிந்த சூல்முடியும் தெரிந்தன. பூவின் பின்னால் இலைகள். இலைகளுக்கும் பின்னால், சற்று மங்கலாக, கண்காட்சிக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் சிலர்.

பூ மட்டும் வேண்டும். மற்றவை போக வேண்டும். இதற்கென ஒளிப்படத் திருத்த மென்பொருள் எதையும் நாட வேண்டியதில்லை. பவர்பாயிண்ட்டில் படத்தின்மேல் சொடுக்கினால் மேலே Picture Format என்னும் பட்டை தோன்றும். அதன் இடக்கோடியில் Remove Background இருக்கிறது. அதைத் தொட்டவுடன் நீக்கப்படவிருக்கும் பகுதி முழுவதும் கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறம் பூசிக்கொள்ளும். இயல்பான நிறத்தில் எஞ்சுவதே எஞ்சப்போகும் படம். Keep Changes என்பதை அழுத்தினால் வேலை முடிந்தது. அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த அரை நிமிடத்தில் ஆசிரியையின் படத்திலிருந்து இலைகளோடு வேறு இரண்டும் போயின. ஒன்று, பூவின் அடியில் புல்லிவட்டத்துக்கும் வெளியே அமைந்த புறப்புல்லிவட்டம். மற்றொன்று, குழலின் நுனியிலிருந்த சூல்முடியும் மகரந்தக் கம்பிகளில் பெரும்பகுதியும். மால்வேசிக் குடும்பத்தை மாணவர் அடையாளம் காணப் பயிலும் பண்புகளில் புறப்புல்லிவட்டமும், குழலாக இணைந்த ஒருகற்றை மகரந்தத்தாள்களும் முதன்மையானவை. பாடத்துக்காக எடுத்த படத்திலிருந்து பாடமே கழன்றுவிட்டது. ஆயினும் படம் பார்வைக்குக் குறையொன்றும் இல்லாமல், தூய வெண்திரையில் அழகாகவே நின்றது. வகுப்பில் அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் வரையும் முதலாண்டு மாணவருக்குப் புறப்புல்லி இல்லாத செம்பருத்தியே செம்பருத்தியாகிவிடும்.

இந்த இழப்புகள் தற்செயலானவை அல்ல. இவ்வசதி ஆபீஸ் 2010 பதிப்பில் அறிமுகமானது. அதன் அடிப்படை, கேம்பிரிட்ஜிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ரோதர், கொல்மொகொரோவ், பிளேக் ஆகிய மூவர் 2004இல் வெளியிட்ட கிராப்கட் என்னும் முறை. அம்முறைக்குப் பூ எது, இலை எது என்பது தெரியாது. அது இரண்டே கேள்விகளைக் கேட்கிறது. இந்தப் புள்ளியின் நிறம் முன்னணியின் நிறங்களோடு ஒத்துப்போகிறதா, பின்னணியின் நிறங்களோடு ஒத்துப்போகிறதா என்பது முதற்கேள்வி. புறப்புல்லி பச்சை, பின்னாலிருந்த இலைகளும் பச்சை. ஆகவே புறப்புல்லி இலைகளின் கூட்டத்தோடு சேர்க்கப்பட்டது.

இரண்டாம் கேள்வி எல்லையைப் பற்றியது. முன்னணியையும் பின்னணியையும் பிரிக்கும் கோட்டுக்கு ஒரு செலவு உண்டு. நிறம் சட்டென மாறும் இடத்தில் கோடு போட்டால் செலவு குறைவு, ஒரே மாதிரியான நிறத்தினூடே போட்டால் மிகுதி. மொத்தச் செலவு மிகக் குறைவாக அமையும் கோட்டை அது தேர்ந்துகொள்ளும். நிலத்துக்கு வேலி போடுபவரின் கணக்கோடு இதை ஒப்பிடலாம். நிலத்திலிருந்து குறுகலான ஒரு நீட்சி வெளியே ஓடுமானால், அதன் இருமருங்கும் வேலி கட்டி உள்ளே அடங்குவதோ ஒரு சாண் நிலம். நீட்சியின் அடியிலேயே குறுக்காக அடைத்துவிடுவது மலிவு. மகரந்தக் கம்பிகளுக்கு நேர்ந்தது இதுதான். படத்தைப் பகுக்கும் துறையினர் இதைச் சுருங்கும் சார்பு என்பர். மீசை, உணர்கொம்பு, வேர்த்தூவி, மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பி என மெலிந்து நீண்டவை எல்லாம் இதற்கு முதலில் பலியாகின்றன. பிற்காலப் பதிப்புகளில் இவ்வசதியின் தோற்றமும் கையாளும் விதமும் மாறியுள்ளன. ஆயினும் மெல்லிய உறுப்பையும் பின்னணி நிறத்து உறுப்பையும் ஐயத்தோடு பார்ப்பதே இன்றும் தகும்.

இழப்பைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் வெண்திரையில் அன்று. சில்லு முழுவதற்கும் Format Background வழியாகக் கருநீலமோ பளிச்சென்ற மஞ்சளோ நிரப்பி, மூலப்படத்தின் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பூவின் நடுவே விழுந்த ஓட்டைகள் கண்ணில் படும். ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பச்சை விளிம்பும் தெரியும். ஆசிரியை இப்படித்தான் கண்டுகொண்டார்.

திருத்துவதற்கு மீண்டும் Remove Background சென்று Mark Areas to Keep என்பதைத் தேர்ந்து, இழந்த உறுப்பின்மேல் கோடு இழுக்க வேண்டும். அதற்குமுன் திரையை 300 விழுக்காடு அளவுக்கு உருப்பெருக்கிக்கொள்வது நல்லது. புறப்புல்லியின் ஒவ்வொரு சிற்றிதழின் நெடுக்கிலும் ஒரு கோடு இழுத்தபோது அது மீண்டு வந்தது. கூடவே பின்னாலிருந்த இலை ஒன்றும் வந்தது. Mark Areas to Remove கொண்டு இலையின்மேல் ஒரு கோடு இழுக்க, இலை மறைந்தது. ஒவ்வொரு கோடும் கணக்கை மறுபடி போடச் செய்வதால், கைவைக்காத இடத்திலும் மாற்றம் நிகழக்கூடும். கோடுகள் சிலவே போதும். மிகுந்தால் குழப்பமும் மிகும். சூல்முடியை இவ்வாறு மீட்க முடிந்தது. மகரந்தக் கம்பிகள் மீளவில்லை. கோட்டின் பருமன் கம்பியின் பருமனைவிட மிகுதியாக இருந்தது.

அந்நிலையில் கருவியோடு மல்லுக்கட்டுவதைவிடப் பூவை மறுபடி படமெடுப்பதே அறிவுடைமை. கடையில் கிடைக்கும் நீல நிறச் சார்ட் தாள் ஒன்றைப் பூவுக்கு ஒரு சாண் பின்னால், பூவின் நிழல் தாளில் விழாதபடி பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். நீலம் சிவப்போடும் சேராது, பச்சையோடும் மஞ்சளோடும் சேராது. வீட்டுத் தொட்டியில் பூத்திருந்த செம்பருத்தியை மறுநாட்காலை அவ்வாறு எடுத்த படத்தில், கருவி எவ்விதக் கோடும் கேளாமலே புறப்புல்லியை விட்டுவைத்தது. கம்பிகளிலும் பெரும்பாலானவை தப்பின. எஞ்சிய ஓரிரண்டுக்காகப் பின்னணியை நீக்காத நெருக்கப் படம் ஒன்றை அதே சில்லின் மூலையில் வைத்தார். பின்னணியை எல்லாப் படத்திலிருந்தும் நீக்கியே தீர வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

முதற்படத்தை அவர் கோப்பிலிருந்து முற்றிலும் அழித்தார் என்பதும் குறிக்கத்தக்கது. நீக்கிய பின்னணி உண்மையில் நீங்குவதில்லை, மறைக்கப்படுகிறது. Reset Picture அழுத்தினால் பிள்ளைகளின் முகங்களோடு முழுப்படமும் திரும்பி வரும். `.pptx` கோப்பின் பெயரை `.zip` என முடியுமாறு மாற்றித் திறந்தால், `ppt/media` உறைக்குள் `hdphoto1.wdp` போன்ற பெயரில் மூலப்படம் தனியே கிடப்பதைக் காணலாம். வகுப்பின் வாட்ஸாப் குழுவில் சில்லுகளைப் பகிரும்போது அதுவும் சேர்ந்தே போகிறது. வெட்டியெடுத்த படத்தை நகலெடுத்து, Paste Options பகுதியில் Picture எனத் தேர்ந்து ஒட்டிவிட்டுப் பழையதை அழித்தால், கண்ணுக்குத் தெரிவது மட்டுமே கோப்பில் எஞ்சும். தனிக்கோப்பாகச் சேமிப்பதானால் PNG வடிவில் சேமிக்க வேண்டும். JPEG வடிவம் ஒளிபுகும் பகுதியை ஏற்காது, நீக்கிய இடத்தில் ஒரு நிறத்தை நிரப்பிவிடும்.