நோன்போடு ஓடும் பிள்ளைக்குத் தண்ணீர் எப்போது கொடுப்பது?

ரமழான் வந்துவிட்டால் பிள்ளைகள் விளையாட்டுப் பயிற்சியை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கும் தாய்மார் நம்மிடையே அதிகம். பயிற்சி இருக்கிறதே, இன்றைக்கு நோன்பை விட்டால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளும் இல்லாமலில்லை. பயிற்சி என்பது நோயுமல்ல, பிரயாணமுமல்ல. அதற்காகக் காலையிலேயே நோன்பை விட்டுவிட மார்க்கத்தில் இடமில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக முடியும். 1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் பெரும்பகுதி ரமழானாக இருந்தது. அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் நோன்புடனேயே ஆடி, அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார்.

எனது தங்கையின் மகன் பாடசாலையில் 1500 மீற்றர் ஓடுகிறவன். வலயப் போட்டி பெருநாளைக்குப் பிந்திய வாரத்தில் வந்தது. நான்காம் நோன்பன்று தங்கை என்னிடம் வந்தாள். "நானா, இவன் ஓட்டத்தையும் விடமாட்டானாம், நோன்பையும் விடமாட்டானாம். நேற்று அஸருக்குப் பிறகு தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள்.

நான் முதலில் கேட்டது அவனுடைய நிறையை. முதல் நோன்பன்று ஸஹருக்கு எழும்பியதும் 58 கிலோ இருந்தவன், நான்காம் நாள் அதே நேரத்தில் 56.9 கிலோ இருந்தான். மூன்று நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கொழுப்புக் கரைவதில்லை. குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். அதாவது பகலில் இழந்ததை இரவில் அவன் மீட்டுக்கொள்ளவில்லை. சிறுநீர் கழித்த பின், ஒன்றும் குடிப்பதற்கு முன், ஸஹர் நேரத்தில் தராசில் நிற்பதைப் போல நம்பத்தக்க அளவுகோல் வீட்டில் வேறில்லை. ஓரிரு நாளில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது இவனுக்கு சுமார் 600 கிராம், குறைந்துவிட்டால் அது தண்ணீர்க் கணக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். தராசு இல்லாதவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கலாம். வெளிறிய மஞ்சள் நல்லது. மஃரிபுக்குப் பிறகும் சாயத் தேநீர் நிறத்தில் போனால் போதவில்லை.

தண்ணீர் குடிக்கவில்லையா என்றால், குடித்தான். ஸுபஹ் பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு லீட்டருக்கும் மேலாக ஒரே மூச்சில் குடித்தான். அங்கேதான் கோளாறு. வெறும் தண்ணீர் ஒரேயடியாக உள்ளே போனால், உடல் அதை மிதமிஞ்சியதாகக் கருதிச் சிறுநீரகம் வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். காலை ஏழரைக்கு வெள்ளையாகப் போனதென்று அவனே சொன்னான். தண்ணீர் உடலில் தங்க வேண்டுமானால் அது சிறிது சிறிதாகப் போக வேண்டும். கூடவே கொஞ்சம் உப்பும் உணவும் இருக்க வேண்டும்.

நமது நோன்புக் கஞ்சியின் அருமை இங்குதான் தெரிகிறது. அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, இறைச்சித் துண்டு, உப்பு எல்லாம் சேர்ந்த அந்தக் கோப்பை, வியர்வையில் போன தண்ணீரையும் உப்பையும் ஒன்றாகத் திருப்பித் தருகிறது. (பிள்ளைகள் கஞ்சியை ஒதுக்கிவிட்டு நிறமூட்டிய சர்பத்துக்குத் தாவுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சர்பத்தில் சீனி இருக்கிறது, உப்பு இல்லை.)

எவ்வளவு குடிப்பது என்பதற்கும் தராசே பதில் சொல்லிற்று. நாற்பது நிமிட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு நிறுக்கச் சொன்னேன். 600 கிராம் குறைந்தது. இழந்ததைப் போல ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும், ஏனெனில் குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும். ஆகவே ஓட்டத்துக்கு மாத்திரம் 900 மில்லிலீட்டர். சாதாரண நாளின் தேவையையும் சேர்த்து இரண்டரை லீட்டர் என்று வைத்துக்கொண்டோம். 250 மில்லிலீட்டர் கோப்பையால் அது பத்துக் கோப்பை.

தங்கை அதைக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டினாள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்துடன் ஒரு கோப்பை தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி, ஒரு சிட்டிகை உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் ஒன்று. மஃரிப் தொழுத பின் ஒன்று, இஷாவுக்குப் புறப்படுமுன் ஒன்று. தராவீஹ் முடிந்ததும் ஓட்ட நாளாயின் ஓட்டத்தோடு சேர்த்து இரண்டு, படுக்குமுன் ஒன்று, ஸஹரில் சாப்பாட்டோடு இரண்டு. ஸஹரைக் கடைசி நேரத்துக்குப் பிற்படுத்துவது நபி (ஸல்) அவர்களின் ஸுன்னத். கொழும்பில் மார்ச் மாதத்தில் சுமார் பதின்மூன்றரை மணி நேரம் நோன்பிருக்கிறோம். மூன்று மணிக்கே சாப்பிட்டுப் படுப்பவர் அதை மேலும் இரண்டு மணி நேரம் நீட்டிக்கொள்கிறார்.

அடுத்தது பயிற்சி நேரம். பாடசாலை விட்டு மூன்றரை மணி வெயிலில் ஓடினால், அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் ஒரு மிடறும் கிடையாது. ஆசிரியர் நம்மவரல்ல என்றாலும் நிலைமையைச் சொன்னதும் இணங்கினார். வாரத்தில் இரண்டு நாள் இலேசான ஓட்டம், மாலை ஐந்தரைக்கு, நாற்பது நிமிடம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். முடிந்த சற்று நேரத்தில் பாங்கு. மற்ற இரண்டு நாள் 400 மீற்றர் வேக ஓட்டங்கள், தராவீஹுக்குப் பின் விளக்கு வெளிச்சமுள்ள மைதானத்தில். ஐந்து நாள் நான்காயிற்று, தூரமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. ஒரு மாதம் தூரத்தைக் குறைத்தால் உடல் தாங்கிக்கொள்ளும். வேகத்தை விட்டுவிட்டால் போட்டியன்று கால் எழும்பாது.

வேக ஓட்ட நாட்களில் தங்கைக்குச் சிறிது மனக்கஷ்டம், ஏனென்றால் ஸம்ஸாவும் கட்லட்டும் அவன் தட்டில் விழவில்லை. பொரித்தது வயிற்றில் நெடுநேரம் தங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வேகமாக ஓடுகிறவனுக்குக் குமட்டும். பேரீச்சம்பழம், கஞ்சி, ஒரு வாழைப்பழம் போதும். சோறும் மீனும் பருப்பும் ஓட்டம் முடிந்து வந்த பிறகு. ஸஹருக்குச் சோறு அல்லது பிட்டு, முட்டை, தயிர். கருவாட்டையும் ஊறுகாயையும் ஸஹரில் தவிர்த்தாள், அவை பத்து மணிக்கே தாகத்தைக் கிளப்பும். தூக்கத்தின் குறையை லுஹருக்குப் பின் அரை மணி நேரக் கைலூலா கொஞ்சம் ஈடு செய்தது.

ஒன்பதாம் நோன்பு ஸஹரில் நிறை 57.8. பிறகு அதைவிட்டு அதிகம் இறங்கவில்லை.

மார்க்க விடயத்தில் தங்கை கேட்ட இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வெப்பம் தாளாமல் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதால் நோன்பு முறியாது. நபி (ஸல்) அவர்களே நோன்புடன் அப்படிச் செய்ததாக அபூதாவூதில் வருகிறது. வாய் கொப்பளிக்கலாம், தொண்டைவரை கொண்டுபோகக் கூடாது. இரண்டாவது, ஓடும்போது நடுக்கம், வாந்தி, நிலை தடுமாறிய நடை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்பவற்றில் ஒன்று தோன்றினாலும் அது சோம்பலல்ல. உடனே நிழலில் உட்கார்த்தி, உடலில் தண்ணீர் ஊற்றி, நோன்பை முறித்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அந்த நோன்பைப் பின்னர் கழாச் செய்துகொள்ளலாம். நினைவு தடுமாறிய பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நீரிழிவுக்கு மருந்தெடுப்போரும் சிறுநீரக நோயாளரும் இந்தப் பத்துக் கோப்பைக் கணக்கைத் தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் ஷஃபானிலேயே டொக்டரைக் காண வேண்டும்.

தேநீரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு கோப்பை தேநீர் உடலை வற்றச் செய்வதில்லை. முதல் நோன்புகளில் வரும் தலையிடி பல வேளைகளில், பகலில் நாலு கோப்பை குடித்துப் பழகியவர் அதைத் திடீரென்று நிறுத்துவதால் வருவது. ஷஃபான் கடைசி வாரத்திலிருந்து நாளொன்றுக்கு ஒரு கோப்பையாகக் குறைத்துக்கொண்டு வந்தால் அந்தத் தலையிடி பெரும்பாலும் வராது. தங்கை இந்த முறை அப்படித்தான் செய்கிறாள், தனக்கும் சேர்த்து.