வைவாவுக்கு முந்தைய ராத்திரி வந்த மெசேஜ்

ராத்திரி பதினொன்றரை மணிக்கு உன் மெசேஜ் வந்தது. “அக்கா, நாளைக்கு பிசியாலஜி வைவா. ரெண்டு கையும் சில்லுனு இருக்கு. விரல் நுனி, உதட்டைச் சுத்தி எல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு. தலை சுத்துது. எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

போன் செய்தபோது உன் பேச்சைவிட மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஏனென்றால் முதல் வருடம், இதே பரீட்சைக்கு, டிபார்ட்மென்ட் வராண்டாவில் ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்றதும் இப்படித்தான். கூட இருந்த எல்லோரும், “நல்லா ஆழமா மூச்சை இழு” என்றார்கள். நானும் இழுத்தேன், வேக வேகமாக. தலைசுற்றல் அதிகமானதுதான் மிச்சம். போனில் பாதிதான் சொன்னேன், மீதியை இங்கே எழுதுகிறேன். நாளைக்குக் கேள்வியாக வந்தாலும் வரலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறோம். பயத்தில் அது இருபத்தைந்து, முப்பது என்று ஏறிவிடுகிறது. கூடுதல் ஆக்சிஜன் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்காது. உன் ஹீமோகுளோபினில் ஏற்கெனவே 97 சதவிகித இடத்தை ஆக்சிஜன் பிடித்துவிட்டது. பஸ் நிரம்பிய பிறகு கதவைத் திறந்து திறந்து மூடி என்ன பயன்? ஆனால், கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் ஒவ்வொரு மூச்சிலும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மில்லிமீட்டரில் இருக்க வேண்டியது கீழே இறங்கும். ரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடும்.

உன் விரலில் ஊசி குத்துவதற்குக் காரணம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. காரத்தன்மை கூடியதும், ரத்தத்தில் தனியாகத் திரிந்துகொண்டிருந்த கால்சியத்தில் ஒரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். உடம்பில் இருக்கும் மொத்தக் கால்சியம் குறையவில்லை, தனியாகத் திரிகிற கால்சியம்தான் குறைகிறது. அது குறைந்தால் நரம்புகள் தொட்டால் சிணுங்கும் நிலைக்குப் போய்விடும். யாரும் தூண்டாமலே விரல் நுனியிலிருந்தும் உதட்டோரத்திலிருந்தும் சேதி அனுப்ப ஆரம்பிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்களும் சுருங்கும். தலைசுற்றல் அதனால்தான்.

ஆக, வேண்டியது ஆழமான மூச்சு இல்லை, மெதுவான மூச்சு. மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை சாதாரணமாக இழு. ஆறு எண்ணும் வரை வெளியே விடு. நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வரும். முதல் ஒரு நிமிடம் காற்றுப் போதவில்லை என்று தோன்றும், விட்டுவிடாதே. ஐந்து நிமிடம் செய். அப்போது இன்னொரு கையால் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார். மூச்சை வெளியே விடும்போது துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், இழுக்கும்போது வேகமாகும். வேகஸ் நரம்பின் வேலை அது. உன் வயதுக்காரர்களுக்கு விரலிலேயே தெரியும். அந்தக் காலத்தில் பேப்பர் பையை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்வார்கள், அது வேண்டாம். மூச்சுத் திணறலுக்கு ஆஸ்துமாவோ வேறெதுவோ காரணமாக இருந்தால் பை ஆபத்தாகிவிடும். அதேபோல, மரத்துப்போவது ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ இந்த விளக்கத்தை நம்பி உட்கார்ந்திருக்காதே. ஹாஸ்டல் வார்டனை எழுப்பி கேஷுவாலிட்டிக்குப் போ. உனக்கு இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் நான் நிம்மதியானேன்.

இனி அறைக்குள்ளே நடப்பது. எனக்கு வந்த முதல் கேள்வி, “பிளட் பிரஷர்னா என்னம்மா?” ரத்தம் குழாயின் சுவரில் பக்கவாட்டில் கொடுக்கும் அழுத்தம் என்றேன். நார்மல் எவ்வளவு என்றார், 120/80 என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கெத்து காட்டுகிறேன் என்று “ரெனின்” என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னேன். உடனே எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெனின் எங்கே சுரக்கிறது? சிறுநீரகம். சிறுநீரகத்தில் எங்கே? எது தூண்டினால் சுரக்கும்? மூன்றாவது கேள்வியில் நான் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைவாவில் நீ சொல்கிற கடைசி வார்த்தைதான் பெரும்பாலும் அடுத்த கேள்வி. அதனால், உனக்கு அடுத்த இரண்டு படி தெரிந்த வார்த்தையில் பதிலை முடி. அதே 120/80-க்குப் பிறகு, “சராசரி அழுத்தம் சுமார் 93 சார்” என்று நான் முடித்திருக்கலாம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 100 வருமே, ஏன் 93 என்று அவர் கட்டாயம் கேட்டிருப்பார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். நாடி 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் இதயம் சுருங்குவது சுமார் 0.3 விநாடி, விரிந்திருப்பது 0.5. அதிக நேரம் 80 பக்கம்தான் இருக்கிறது, அதனால் சராசரியும் அந்தப் பக்கம் சாய்கிறது. 120-க்கும் 80-க்கும் வித்தியாசம் 40. அதில் மூன்றில் ஒரு பங்கை 80-உடன் சேர்த்தால் 93. இன்றைக்கு ராத்திரி கைட்டனை முதலிலிருந்து புரட்டாதே. இப்படி நாலைந்து முதல் கேள்விகளுக்கு மட்டும் எந்த வார்த்தையில் முடிப்பாய் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்.

ரெனினில் மாட்டிய பிறகு நான், “தெரியல சார்” என்றேன். அவர் கோபப்படவில்லை. உளறியிருந்தால் அதே இடத்தில் இன்னும் தோண்டியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்து, “கை ஏம்மா நடுங்குது?” என்றார். ஆறுதலாகக் கேட்கிறார் என்று நினைத்து, “பயம் சார்” என்றேன். பக்கத்தில் இருந்த எங்கள் மேடம் சிரித்துவிட்டார். “அது இல்ல, பிசியாலஜி சொல்லு” என்றார். அப்போதுதான் உறைத்தது. அட்ரினலின், தசையில் இருக்கும் பீட்டா-2 ஏற்பிகளில் வேலை செய்கிறது, அதனால் நடுக்கம் என்றேன். “கை சில்லுனு இருக்குமே, அது?” தோலின் ரத்தக் குழாய்கள் ஆல்ஃபா ஏற்பிகள் வழியாகச் சுருங்குவதால் என்றேன். “அட்ரினலின் ரத்தத்துல எவ்வளவு நேரம் இருக்கும்?” நிமிடக் கணக்குதான் சார் என்று சொல்லி முடிக்கும்போது, என் கை நடுக்கம் ஏறக்குறைய நின்றிருந்தது. நான் கவனிக்கவில்லை, மேடம்தான் பிறகு சொன்னார்.

சரி, இப்போது போனைக் கீழே வை. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ. காபி ஒன்று போதும், அதுவும் நாடியை வேகமாக்கும். வராண்டாவில் வெளியே வருகிறவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரிக்காதே, உன் முறை வரும் வரை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆறு வரை எண்ணிக்கொண்டிரு. கிராஃப் வரையப் பென்சிலைச் சீவி வைத்துக்கொள். முடிந்ததும் கூப்பிடு, மத்தியானம் எனக்கு வார்டு இல்லை.