பத்து வருடப் படம்

ஞாயிறு மாலை, தூத்துக்குடி ரோச் பூங்காவில் முதல் சந்திப்பு. சாயர்புரத்தில் அவருக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. மேட்ரிமோனியில் போட்டிருந்தது போப் கல்லூரி முடித்த புதிதில் எடுத்த படம். இப்போது முன்நெற்றி ஏறிவிட்டது. உப்பளத்து வெயிலில் முகமும் கறுத்துவிட்டது.

வாசலில் நின்று, ஃபில்டர் போடாமல் ஒரு செல்ஃபி எடுத்தார். “நீங்க பார்த்தது பத்து வருஷத்துக்கு முந்தின படம். இப்ப இப்படித்தான் இருக்கேன். வேண்டாம்னா சொல்லிடுங்க” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். அரை மணி நேரம் கழித்து அது அதிர்ந்தது.

“தெரியும். அந்தப் படத்துல பின்னாடி காலண்டர்ல 2015னு இருக்கு. நீங்களா சொல்றீங்களான்னுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வாங்க. மக்ரூன் நான் வாங்கிட்டு வர்றேன்.”