நடுச்சட்டம் இருந்தது, கால் இல்லை

மெத்தை பள்ளமாகிவிட்டது என்று வரும் வழக்குகளில் பாதி, மெத்தைக்கு அடியில் இருக்கும் வழக்குகள். அப்படிப்பட்ட ஒரு வழக்கை நான் தென் மாவட்டம் ஒன்றின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நடத்தினேன். தொகை சிறியது. ஆனால் ஒரு கட்டிலின் அடித்தளத்தை அத்தனை பேர் குனிந்து பார்த்த வழக்கு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை.

என் கட்சிக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். 2022-இல் ஊரில் உள்ள ஒரு பெரிய மரச்சாமான் கடையில் குயின் சைஸ் கட்டிலும் 6 அங்குல ஃபோம் மெத்தையும் சேர்த்து ஒரே பில்லில் வாங்கினார். கட்டில் 32,000 ரூபாய், மெத்தை 21,000 ரூபாய். மெத்தைக்கு 10 ஆண்டு உத்தரவாதம். ஆறேழு மாதத்தில் கணவனும் மனைவியும் இரவில் நடுவே உருண்டு வந்து ஒருவர்மேல் ஒருவர் சரியத் தொடங்கினார்கள். "இந்த வயசுல இது தேவையா வக்கீல் சார்?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். ஆசிரியர் சிரிக்கவில்லை, இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார்.

கடையில் முறையிட்டபோது, மெத்தைக் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனி ஆள் வந்து பார்த்தார், படம் எடுத்தார், போனார். பத்து நாளில் கடிதம் வந்தது. உத்தரவாத அட்டையின் நிபந்தனைப்படி ரீப்பர்களுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, குயின் சைஸுக்கும் அதற்கு மேலும் தரையில் ஊன்றிய நடுத்தாங்கி வேண்டும், இந்தக் கட்டிலில் இரண்டும் இல்லை, எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. கடைக்காரரோ, கட்டிலில் நடுச்சட்டம் இருக்கிறது, ரீப்பர் ஒன்றுகூட உடையவில்லை, எனவே பழுது மெத்தையில்தான் என்று எழுத்து மூலம் சொன்னார்.

இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்தேன். கம்பெனியை விட்டுவிடலாமே என்று ஜூனியர் கேட்டார். விட்டால் கடைக்காரர் அவையில் இல்லாதவர்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். வாங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு வந்துவிட்டதால் காலவரம்புப் பிரச்சினையும் எழவில்லை.

இந்த வழக்கில் எல்லாமே ஒரு கேள்வியில் நின்றது: பள்ளம் மெத்தையிலா, அடித்தளத்திலா? வாதத்தால் இது தீராது. வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, அனுபவமுள்ள ஒரு தச்சரோடு நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று மனு போட்டேன். கடைத் தரப்பு ஆட்சேபித்தது, ஆணையம் அனுமதித்தது.

ஆய்வு நாளில் நாங்கள் எட்டுப் பேர் அந்தச் சின்னப் படுக்கையறையில் நின்றோம். வந்த தச்சர் அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். முதலில் அவர் மெத்தையைத் தொடவில்லை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மெத்தைமேல் ஒரு நூல் கட்டி இழுத்து, பள்ளம் எங்கே என்று பார்த்தார். ஆழம் ஒன்றரை அங்குலம். அதைவிட முக்கியம் அது இருந்த இடம். ஃபோம் தானாக அமிழ்ந்திருந்தால், ஆளுக்கு ஒரு குழி அவரவர் இடுப்பு படும் இடத்தில் விழும். இங்கே குழி இரண்டு பேருக்கும் நடுவில், யாருமே படுக்காத இடத்தில், வாய்க்கால் மாதிரி நீளவாக்கில் ஓடியது.

பிறகு மெத்தையைக் கீழே இறக்கி டைல்ஸ் தரையில் பரப்பச் சொன்னார். மறுநாள் காலை அதே நூலைக் கட்டிப் பார்த்தபோது பள்ளம் 5 நூலாகக் குறைந்திருந்தது. (தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல்.) சமதளத்தில் போட்டதும் மறையும் பள்ளம் மெத்தையுடையது அல்ல. மறையாமல் நின்ற அந்த 5 நூல் மட்டும்தான் ஃபோம் நிரந்தரமாக வாங்கிக்கொண்ட அடி. உத்தரவாத அட்டையோ 1 அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால்தான் பழுது என்று சொன்னது. அந்த இடத்திலேயே கம்பெனியின் பக்கம் பாதி ஜெயித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. கடையின் பக்கம் அதே அளவு தோற்றிருந்தது.

இனி கட்டில். உள்நீளம் 78 அங்குலம், உள்ளகலம் 60. அதில் 3 அங்குல அகல ரீப்பர்கள் பத்து, முக்கால் அங்குல கனத்தில், குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. பத்து ரீப்பர் 30 அங்குலத்தை எடுத்துக்கொள்ள, மிச்சம் 48 அங்குலம் ஒன்பது இடைவெளிகளுக்குப் போகிறது. ஒவ்வொன்றும் 5 அங்குலத்துக்கு மேல். கையை முஷ்டி பிடித்தே உள்ளே விடலாம். மெத்தையின் அடிப்பக்கத் துணியில் ரீப்பர் இருந்த வரிகளும் இல்லாத வரிகளும் சலவைக்கல்லின் வரிகளைப் போலத் தெரிந்தன. ரப்பர் சேர்த்த தென்னைநார் மெத்தை இந்த இடைவெளியைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும், அது விறைப்பானது. ஃபோம் அப்படியல்ல, காலி கிடைத்த இடத்தில் இறங்கும்.

இருந்தாலும் வாய்க்கால் பள்ளத்துக்கு இடைவெளி காரணமல்ல. இடைவெளி அதிகமானால் குறுக்கு வரிகள்தான் விழும். நீளவாக்கில் பள்ளம் என்றால் நடு இறங்கியிருக்கிறது என்று பொருள். கடைத் தரப்பு வழக்கறிஞர் உடனே நடுச்சட்டத்தைக் காட்டினார். இருந்தது, உண்மைதான். 2 அங்குல அகலம், 1 அங்குல உயரமுள்ள ஒரு சட்டம், தலைமாட்டுப் பலகையிலிருந்து கால்மாடு வரை ஆறரை அடிக்குப் படுக்கைவாட்டில் போடப்பட்டு, எல்லா ரீப்பர்களும் அதில் திருகப்பட்டிருந்தன. அதன் கீழே தரை வரைக்கும் எதுவும் இல்லை.

தச்சர் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டு இரண்டு பேரை மேலே உட்காரச் சொன்னார். வெளியே வந்து ஆணையரிடம் சொன்னது அப்படியே அறிக்கையில் ஏறியது: "ஐயா, இந்த நடுச்சட்டம் ரீப்பரைத் தாங்கல. ரீப்பர்தான் நடுச்சட்டத்தைத் தூக்கிட்டு நிக்குது."

"ரீப்பர் ஒண்ணும் உடையலையே?" என்றார் எதிர்தரப்பு வழக்கறிஞர்.

"உடைஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். உடையாம வளையுறதாலதான் இவ்வளவு நாள் ஆச்சு."

இதை எண்ணில் காட்ட ஒரு சின்னச் சோதனை செய்தோம். அதே ரீப்பர் ஒன்றைக் கழற்றி, 5 அடி இடைவெளியில் இரண்டு கட்டைகள்மேல் வைத்து, நடுவில் 25 கிலோ அரிசி மூட்டையை ஏற்றினோம். ஏறத்தாழ 2 அங்குலம் வளைந்தது. கட்டைகளை இரண்டரை அடிக்கு நெருக்கி வைத்து அதே மூட்டையை ஏற்றியபோது வளைவு 2 நூல்தான். நீளம் பாதியானால் வளைவு பாதியாகும் என்று நாம் நினைப்போம். அது எட்டில் ஒன்றாகிறது, ஏனென்றால் வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். உறுதியான நடுத்தாங்கி செய்யும் வேலை இதுதான்: ஒவ்வொரு ரீப்பரையும் பாதி நீளமுள்ள இரண்டு ரீப்பர்களாக்குவது. தாங்கியே தொங்கினால் அந்தப் பயன் போய்விடும்.

மனுதாரர்கள் எடை அதிகமானவர்கள் என்று கடைத் தரப்பு வாதிட்டது. கணவனும் மனைவியும் சேர்த்து 130 கிலோ. இருவர் படுக்க விற்ற கட்டில் அதைத் தாங்க வேண்டும் என்பதைச் சொல்லச் சட்டப் புத்தகம் தேவைப்படவில்லை. என் முக்கிய வாதம் வேறு. இரண்டு பொருளையும் விற்றவர் ஒருவரே. இந்த மெத்தைக்கு எந்த அடித்தளம் வேண்டும் என்ற நிபந்தனை அட்டை மெத்தைப் பொதிக்குள் இருந்தது. அதைப் படிக்காமல் பொருந்தாத கட்டிலோடு சேர்த்து விற்றது கடை. வாங்கியவர் மெத்தையைப் பிரித்த பிறகுதான் அந்த நிபந்தனையையே பார்க்க முடியும்.

ஆணையம் அதை ஏற்றது. கம்பெனிக்கு எதிரான மனு தள்ளுபடி. கடை, கட்டிலின் அடித்தளத்தை ஆணையரின் அறிக்கைப்படி தன் செலவில் மாற்றிக் கட்டித் தரவேண்டும், அதே வகைப் புது மெத்தை தரவேண்டும், மன உளைச்சலுக்கு 15,000 ரூபாயும் செலவுத் தொகை 5,000 ரூபாயும் தரவேண்டும் என்று உத்தரவு.

மாற்றிக் கட்டும் வேலைக்கு நானும் போனேன். உத்தரவு நிறைவேறியதைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பத்து ரீப்பர் பதினாலாயிற்று. பதினாலு ரீப்பர் 42 அங்குலம், மிச்சம் 36 அங்குலத்தைப் பதின்மூன்று இடைவெளிக்குப் பிரித்தால் 2 அங்குலம் 6 நூலும் சொச்சமும். தச்சர் சரியாக 2 அங்குலம் 6 நூலுக்கு ஒரு மரத்துண்டை அறுத்து அளவுக்கட்டையாக வைத்துக்கொண்டார். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டு போகவில்லை. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று அடித்து, இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி வந்தார். சொச்சம் சேர்ந்து மிஞ்சிய 2 நூல் நடுவில் ஒரே இடைவெளியில் விழுந்து அது 3 அங்குலமாக நின்றது. நிபந்தனைக்கு உள்ளேதான். கணு விழுந்த இரண்டு ரீப்பர்களை ஒதுக்கினார். முனைகளில் முதலில் துளை போட்டுத்தான் திருகினார், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். திருகின் தலை மரத்துக்குள் இறங்கியதா என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார்.

நடுச்சட்டம் 3 அங்குலத்துக்கு ஒன்றரை. அதை நிறுத்தி வைத்தார், அதாவது 3 அங்குலம் உயரவாக்கில். மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு ஒன்றாக, தலைமாட்டிலிருந்து 26 அங்குலத்திலும் 52 அங்குலத்திலும் இரண்டு கால்கள். காலின் அடியில் உயரம் கூட்டிக் குறைக்கும் போல்ட். டைல்ஸ் தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. நடுக்கால் ஒரு நூல் குட்டையாக இருந்தாலும் தொங்கும், நெட்டையாக இருந்தால் நடுவில் மேடு தட்டும். அதனால் ரீப்பர் எல்லாம் ஏறிய பிறகு, பக்கச் சட்டத்துக்கும் நடுச்சட்டத்துக்கும் குறுக்கே ரசமட்டம் வைத்துக் கடைசியில்தான் போல்ட்டைத் திருகி நிறுத்தினார். பிறகு ஒரு காகிதத்தைக் காலுக்கும் தரைக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

இவ்வளவு வேலைக்குப் பதிலாக முழு பிளைவுட் பலகையை வைத்திருக்கலாமே என்று கடைக்காரரே அப்போது கேட்டார். வைக்கலாம், காற்றுத்துளை போட்டு. துளையில்லாத பலகைமேல் ஃபோம் மெத்தை கிடந்தால் ஈரம் போக வழியிருக்காது. அடியில் பூஞ்சை பூக்கும். அந்தப் பலகைக்கும் நடுக்கால் வேண்டும்.

கடை மேல்முறையீடு செய்யவில்லை. அதற்கான 45 நாள் முடிவதற்குள் தொகையையும் கட்டிவிட்டது. கட்டில் வாங்கும் நண்பர்களிடம் நான் இரண்டு காரியம் செய்யச் சொல்கிறேன்: கடையிலேயே மெத்தையைத் தூக்கி, நடுச்சட்டத்தின் கீழே தரை தொடும் கால் இருக்கிறதா என்று பாருங்கள், மெத்தையின் உத்தரவாத அட்டையைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.