அரிசி மணிக் கணக்கு

எங்கள் சேமிப்புக் குழுவுக்கு ஒருநாள் ஓய்வுபெற்ற கணித ரீச்சர் ஒருவரை அழைத்திருந்தேன். அவர் நிலத்தில் வெண்கட்டியால் 10 கட்டங்கள் கீறினார். முதற் கட்டத்தில் ஒரு அரிசி மணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு என்று வைக்கச் சொன்னார். ஐந்தாம் கட்டத்தில் 16 மணிகள்தான். பத்தாம் கட்டத்துக்கோ 512 மணிகள் வேண்டியிருந்தன. எண்ணியவர்கள் களைத்துப் போனார்கள்.

"என்ர ஆயிரம் ரூபாவும் இப்பிடிப் பெருகுமோ ரீச்சர்?" என்று கணவரை இழந்த அக்கா ஒருவர் கேட்டார்.

"பெருகும் பிள்ளை. ஆனால் 72ஐ வட்டி வீதத்தால் பிரிச்சுப் பார். வருசத்துக்கு 8 வீதமெண்டால் ஒரு கட்டம் தாண்ட 9 வருசம் வேணும். வட்டியையும் எடுக்காமல் விட்டால்தான் ஆயிரம் இரண்டாயிரமாகும். வருசாவருசம் வட்டியை எடுத்துச் செலவழிச்சால், 9 வருசத்தில கிடைக்கிற வட்டி 720 ரூபாதான்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப மாசம் 10 வீத வட்டிக்கு நான் வாங்கின கடன்?"

"வட்டிக்கு வட்டி ஏறினால் 8 மாசத்துக்குள்ள இரட்டிக்கும். அது உன்ர சேமிப்பை விட வேகமாய்க் கட்டம் தாண்டும். முதலில் அதை அடை."

அடுத்த கூட்டத்துக்கு அக்கா சேமிப்புப் புத்தகத்தோடு வந்தார். ஆயிரம் ரூபாவையும் எடுத்துக் கடனில் கட்டியிருந்தார்.