இரண்டு நாணயம், ஒரே குடும்பக் கணக்கு



அருமனைப் பகுதியில், வளைகுடா நாட்டில் ஒருவரேனும் உழைக்கும் குடும்பங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. அனுப்புகிறவர் ரியாலில் நினைவு வைத்திருப்பார். பெறுகிறவர்கள் ரூபாயில் நினைவு வைத்திருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து வீடு கட்டிய செலவையோ பங்கையோ பேசும்போது இரண்டு தொகைகளும் ஒத்துவருவதில்லை. யாரும் பொய் சொல்லாமலேயே மனக்கசப்பு பிறந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க எங்கள் குடும்பத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம்.

அதில் ஒவ்வொரு முறையும் ஐந்து விவரங்களை எழுதுகிறோம்: தேதி, அனுப்பிய ரியால், கட்டணம், அன்று கொடுத்த மாற்று விகிதம், இங்கு வங்கியில் வரவான ரூபாய். ஆறாவதாக அந்த நாளின் சந்தை விகிதம். அதைக் கண்டறிவது எளிது. 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று சவூதி அரசு நிலையாக வைத்துள்ளது. ஆகவே டாலரின் ரூபாய் மதிப்பை 3.75ஆல் வகுத்தால் போதும். டாலர் 84 ரூபாயாக இருக்கும் நாளில் ரியால் 22.40 ரூபாய்.

ஒரு மாதக் கணக்கைப் பார்ப்போம். அந்த நாளில் 1,500 ரியால் அனுப்புகிறோம். கட்டணம் 15 ரியால். கட்டணத்தின் மீது 15 சதவீத வாட் வரி சேர்த்தால் 17.25 ரியால். கொடுத்த விகிதம் 22.20. வீட்டுக்கு வந்தது 33,300 ரூபாய். கையிலிருந்து போனதோ 1,517.25 ரியால், சந்தை விகிதப்படி அதன் மதிப்பு 33,986 ரூபாய். இடையில் குறைந்த 686 ரூபாயில் 386 ரூபாய்தான் ரசீதில் கட்டணமாகத் தெரிகிறது. மீதி 300 ரூபாய் விகிதத்துக்குள் மறைந்திருக்கிறது. கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்யும் இடங்களிலும் இந்த இரண்டாவது பகுதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அதே மாதம் ஓர் அவசரத்துக்கு மீண்டும் 500 ரியால் அனுப்புகிறோம். இம்முறை விகிதம் 22.30, முன்னதைவிட நல்லதாகத் தோன்றுகிறது. வந்தது 11,150 ரூபாய். கட்டணம் அதே 17.25 ரியால். வந்த ரூபாயைக் கொடுத்த மொத்த ரியாலால் வகுத்தால் உண்மை தெரியும்: முதல் முறை ரியாலுக்கு 21.95 ரூபாய் கிடைத்தது. இரண்டாம் முறை 21.56 மட்டுமே. சிறு தொகையில் கட்டணத்தின் பாரம் கூடுவதே காரணம்.

மாத இறுதியில் இரண்டு விகிதங்களின் சராசரியை எடுக்கலாகாது. ரியால்களைத் தனியே கூட்டினால் 2,034.50, ரூபாய்களைத் தனியே கூட்டினால் 44,450. பின்னதை முன்னதால் வகுத்தால் 21.85. அதுவே அந்த மாதத்தின் உண்மையான விகிதம். இரண்டு கூட்டுத்தொகைகளையும் அருகருகே எழுதி, இரு கரையில் உள்ளவர்களும் பார்த்து ஒப்புக்கொள்கிறோம். ரூபாய்த் தொகை வங்கிப் பாஸ்புக்கோடு பொருந்தவில்லை என்றால் அந்த மாதமே விசாரிக்கிறோம்.

குறிப்பேட்டில் இன்னொரு பத்தியும் உண்டு: இந்தப் பணம் செலவுக்கா, அன்பளிப்பா, கடனா? கடன் என்றால் எந்த நாணயத்தில்? மூத்த காக்கா தம்பிக்கு 5,000 ரியால் அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். ரியால் 18 ரூபாயாக இருந்தபோது தம்பியின் கைக்கு வந்தது 90,000 ரூபாய். ரியால் 22.40 ஆனபின் அதே 5,000 ரியாலின் மதிப்பு 1,12,000 ரூபாய். கடன் ரியாலில் என்று பேசியிருந்தால் 5,000 ரியாலே கடன்; அதை ரூபாயில் தீர்ப்பதானால் திருப்பும் நாளின் விகிதப்படி 1,12,000 கொடுக்க வேண்டும். ரூபாயில் என்று பேசியிருந்தால் 90,000 மட்டுமே. மேலதிகமான 22,000ஐக் கேட்பது வட்டியின் வாசலுக்குக் கொண்டுபோகும்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒட்டகங்களை தீனாருக்கு விற்று திர்ஹமாகப் பெற்றது பற்றி அபூதாவூத் தொகுப்பில் வரும் செய்தி, அந்நாளின் விலைப்படி பெறுவதையே அனுமதிக்கிறது. நாணய மதிப்பு மாறினாலும் கடனை அதே நாணயத்தின் அதே தொகையால்தான் தீர்க்க வேண்டும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் 1988இல் முடிவு செய்தது.

ஆகவே சிக்கல் திருப்பும் நாளில் பிறப்பதில்லை. கொடுத்த நாளில் நாணயத்தைக் குறிக்காமல் விட்டதில் பிறக்கிறது. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படுவோர் உண்டு. கடனை அனுப்பும் அன்றே ‘ரியால் கடன்’ அல்லது ‘ரூபாய்க் கடன்’ என்று ஒரு சொல்லை எழுதி, இருவரும் ஒப்பமிட்டுக்கொள்ளுங்கள்.